ஊசி போட்ட தேதியும் கன்று ஈனும் நாளும்

பசுவுக்கு 280 நாள், எருமைக்கு 310, வெள்ளாட்டுக்கு 150, செம்மறிக்கு 147. மாடு வளர்க்கும் வீடுகளில் இந்த எண்களில் ஒன்றாவது பெரியவர்களுக்கு மனப்பாடமாக இருக்கும். சினை ஊசி போட்ட தேதியோடு இதைக் கூட்டினால் ஈனும் நாள் வந்துவிடும். கணக்கு அவ்வளவுதான். ஆனாலும் ஒவ்வொரு ஊரிலும் யாராவது ஒருவர், "பதினைஞ்சு நாள் தாண்டிருச்சு, இன்னும் போடலை" என்று கவலைப்பட்டுக்கொண்டிருப்பார். இன்னொருவர், "இன்னும் இருபது நாள் இருக்குன்னு நினைச்சேன், ராத்திரியே போட்டுருச்சு" என்பார். கூட்டலில் பிழை வருவது அபூர்வம். எந்தத் தேதியிலிருந்து எண்ணத் தொடங்கினார்கள், வந்த விடையை ஒரு நாளாகப் பார்த்தார்களா, பல நாள் கொண்ட இடைவெளியாகப் பார்த்தார்களா என்பதில்தான் சிக்கல்.

முதலில் கூட்டலை முடித்துக்கொள்வோம். பசுவுக்கு ஒன்பது மாதமும் ஒரு வாரமும் சேர்த்தால் போதும். ஜூன் 10-ஆம் தேதி ஊசி போட்டால், ஒன்பது மாதம் தள்ளி மார்ச் 10, ஒரு வாரம் கூட்டினால் மார்ச் 17. ஒன்பது மாதம் முன்னே போவதும், மூன்று மாதம் பின்னே வந்து அடுத்த வருஷத்தைப் போட்டுக்கொள்வதும் ஒன்றே என்பதால், "மூணு மாசம் கழி, ஏழு நாள் கூட்டு" என்றும் சொல்வார்கள். மாதங்களில் 30, 31, 28 என்று நாள்கள் மாறுவதால் எந்த மாதத்தில் தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்து இது 280 முதல் 283 நாள் வரை வரும். பசுவின் கணக்கில் இந்த மூன்று நாள் வித்தியாசம் ஒரு பொருட்டே இல்லை. ஏன் என்பதைப் பிறகு பார்க்கலாம்.

தமிழ் மாதத்தில் எண்ணும் பழக்கமும் இன்னும் இருக்கிறது. ஆனியில் காளைக்கு விட்டால் பங்குனியில் ஈனும். சேர்ந்த மாதத்தை ஒன்றாக வைத்து எண்ணினால் பத்தாவது மாதம். இது சரியான கணக்கு. ஆனால் ஆனியும் ஆடியும் 31, 32 நாள் வரை நீளும், மார்கழி 29 நாளோடு முடியும் என்பதால், மாதப் பெயரை மட்டும் நினைவில் வைத்திருப்பவர்கள் மாதத்தில் எத்தனையாம் தேதி என்பதையும் சேர்த்து வைத்துக்கொள்ள வேண்டும். ஆனி ஒன்றும் ஆனி இருபத்தெட்டும் ஒன்றல்ல.

கைபேசியில் எக்செல் போன்ற அட்டவணை வைத்திருப்பவர்களுக்கு வேலை இன்னும் சுலபம். A2 கட்டத்தில் ஊசி போட்ட தேதி இருந்தால், பக்கத்துக் கட்டங்களில் இவற்றைத் தட்டினால் போதும்:

```
=A2+21
=A2+220
=A2+280
```

முதலாவது, மறுபடியும் பருவத்துக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டிய நாள். இரண்டாவது, பால் வற்றவைக்க வேண்டிய நாள். மூன்றாவது, ஈனும் நாள். ஒரே ஒரு எச்சரிக்கை: சில கைபேசிகளில் மாதத்தை முன்னாலும் நாளைப் பின்னாலும் வைக்கும் அமெரிக்க முறை அமைந்திருக்கும். அங்கே 10/06 என்று எழுதினால் ஜூன் 10 அல்ல, அக்டோபர் 6 என்று எடுத்துக்கொள்ளும். விடை நாலு மாதம் தள்ளிப் போய்விடும். 25/06 என்று எழுதினால் இருபத்தைந்தாம் மாதம் என்று ஒன்று இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காது, #VALUE! என்று காட்டும். 10-Jun-2024 என்று மாதத்தைப் பெயரால் எழுதிவிட்டால் இந்தக் குழப்பமே வராது.

மகப்பேறு மருத்துவர்களும் இதே மூன்று மாதம் கழித்து ஏழு நாள் கூட்டும் வழியில்தான் பிரசவத் தேதி சொல்கிறார்கள். அதனால் பெண்ணுக்கும் பசுவுக்கும் ஒரே கர்ப்பகாலம் என்று பலர் நம்புகிறார்கள். எண் ஒன்றுதான், தொடக்கம் வேறு. பெண்களுக்குக் கடைசி மாதவிலக்கின் முதல் நாளிலிருந்து 280 எண்ணுகிறார்கள். கரு தரித்தது அதற்கு ஏறக்குறைய இரண்டு வாரம் கழித்து. பசுவுக்கு ஊசி போட்ட நாளிலிருந்தே 280. ஆகவே பசுவின் சினைக்காலம்தான் உண்மையில் இரண்டு வாரம் நீளம்.

இனி, விடை ஏன் ஒரு நாளில் நிற்பதில்லை என்பதைப் பார்ப்போம். எப்போது வெளியே வருவது என்பதைத் தாய் தீர்மானிப்பதில்லை, வயிற்றில் இருக்கும் கன்றுதான் தீர்மானிக்கிறது. 1960-களில் நியூசிலாந்தின் மகப்பேறு மருத்துவர் லிகின்ஸ் செம்மறி ஆடுகளில் இதைக் காட்டினார். வயிற்றுக்குள் இருக்கும் குட்டியின் மூளையடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பியைச் செயலிழக்கச் செய்தபோது, நாள் கடந்தும் தாய் ஈனவில்லை. முழு வளர்ச்சியை எட்டும் சமயத்தில் குட்டியின் பிட்யூட்டரி, அதன் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டி கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்க வைக்கிறது. அது நஞ்சுக்கொடியை எட்டியதும், சினையைத் தாங்கி நின்ற புரொஜெஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் கூடுகிறது, கர்ப்பப்பை சுருங்கத் தொடங்குகிறது. பசுவிலும் வெள்ளாட்டிலும் நடப்பது சாராம்சத்தில் இதுதான்.

இதைத் தெரிந்துகொண்டால் மற்ற வேறுபாடுகள் தாமே விளங்கும். கன்று எந்த இனமோ அந்த இனத்தின் நாள்களை நோக்கி நகரும். ஜெர்சி, ஹோல்ஸ்டீன் இரண்டும் 280-ஐ ஒட்டியே ஈனும். திமில் உள்ள நம் நாட்டு மாடுகள், அதாவது காங்கேயம், சாஹிவால், கிர் போன்றவை, 285-லிருந்து 290 நாள் வரை எடுத்துக்கொள்வது இயல்பு. ஜெர்சி கலப்புப் பசுவுக்கு ஜெர்சி ஊசி போட்டால் 280 என்று வைக்கலாம். அதே பசுவுக்கு கிர் ஊசி போட்டால் கன்றில் நாட்டு ரத்தம் கூடுவதால் நாலைந்து நாள் தள்ளிப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டும். ஊசிச் சீட்டில் தேதியோடு காளையின் இனத்தையும் எழுதி வாங்கச் சொல்வது இதற்காகத்தான். காளைக்கன்றாக இருந்தால் ஒன்றிரண்டு நாள் கூடும். இரட்டைக் கன்று என்றால் சில நாள் முன்பே வந்துவிடும். இவை எல்லாம் சேர்ந்து, ஒரே இனத்திலும் கூடப் பெரும்பாலான பசுக்கள் கணக்கு நாளுக்கு ஐந்து நாள் முன்போ பின்போ ஈனுகின்றன. கிட்டத்தட்ட எல்லாமே பத்து நாளுக்குள் முடித்துவிடுகின்றன. மாதக் கணக்கில் வரும் மூன்று நாள் வித்தியாசத்தைப் பொருட்படுத்த வேண்டாம் என்று சொன்னதன் காரணம் இதுதான். சுவரில் "மார்ச் 17" என்று எழுதுவதைவிட "மார்ச் 7 முதல் 27 வரை, நடுநாள் 17" என்று எழுதுவது உண்மைக்கு நெருக்கம்.

சிக்கலின் பெரும் பகுதி தொடக்கத் தேதியில் இருக்கிறது. கோபிசெட்டிபாளையம் பக்கம் ஒரு வீட்டில் இருந்த ஜெர்சி கலப்புப் பசுவின் கணக்கை எடுத்துக்கொள்வோம். இரண்டாம் ஈத்துப் பசு. 2024 ஜூன் 10 காலையில் கத்தியது, கண்ணாடி போன்ற வழும்பு நீளமாகத் தொங்கியது. காலையில் பருவம் தெரிந்தால் மாலையிலும், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையிலும் ஊசி போடுவது வழக்கம். அதன்படி அன்று மாலையே போட்டார்கள். பிறகு 22 நாள் கழித்து, ஜூலை 2 அன்று, மறுபடியும் இரண்டு தடவை கத்தியது. வழும்பு கொஞ்சமாகத்தான் இருந்தது, பக்கத்து மாடு ஏறினால் நிற்கவில்லை, விலகிப் போனது. ஆனாலும் 21 நாளைக்கு ஒரு முறை பருவம் திரும்பும் என்பது தெரிந்ததால், முதல் ஊசி தவறிவிட்டது என்று முடிவு செய்து இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. அதன் பிறகு மாடு கத்தவில்லை.

இப்போது இரண்டு தேதிகள். முதல் ஊசிக்கு நின்றிருந்தால் ஈனும் நாள் 2025 மார்ச் 17. இரண்டாவதுக்கு நின்றிருந்தால் ஏப்ரல் 8. வீட்டு அம்மா இரண்டாவதையே நம்பினார். "ரெண்டாவது ஊசியிலதானுங்க டாக்டர் நின்னுருக்கும்? மொத ஊசிக்கப்புறம் கத்துச்சுங்களே" என்று சினை பார்க்க வந்த கால்நடை மருத்துவரிடம் சொன்னார். மருத்துவர், "கத்துனா சினை இல்லைன்னு கட்டாயம் இல்லீங்கம்மா. சினையா இருக்கிற மாட்டுலயும் சிலது கத்தும். கையை விட்டுப் பாத்துச் சொல்றேன்" என்றார்.

அவர் சொன்னது உண்மை. சினைப்பட்ட பசுக்களிலும் நூற்றுக்குச் சில, குறிப்பாக முதல் சில மாதங்களில், பருவ அறிகுறி காட்டும். சினைப்பையில் முட்டைப் பைகள் வளர்ந்து அடங்குவது சினைக்காலத்திலும் நிற்பதில்லை. அவை சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் சற்றே கூடினால் மாடு கத்தும். அந்த அறிகுறி பெரும்பாலும் மங்கலாகவே இருக்கும். வழும்பு குறைவு, மற்ற மாடு ஏறினால் அசையாமல் நிற்பதும் இல்லை. நிஜப் பருவத்தில் மாடு நிற்கும். எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் 21 நாளில் கத்திய பசுக்களில் பெரும்பாலானவற்றுக்கு முதல் ஊசி தவறித்தான் போயிருக்கும், இரண்டாவதே சரியான தேதியாக இருக்கும். அந்த அம்மா நினைத்ததில் தவறு இல்லை. ஆனால் இந்த மாட்டின் இரண்டாவது பருவம் மங்கலாக இருந்ததுதான் சந்தேகத்துக்கு இடம் தந்தது.

அந்தப் பரிசோதனை நடந்தது செப்டம்பர் 10-இல். முதல் ஊசியிலிருந்து அது 92-ஆம் நாள், இரண்டாவதிலிருந்து 70-ஆம் நாள். தேதி விஷயத்தில் மருத்துவரின் கை மிகத் துல்லியமாகச் சொல்லக்கூடிய காலம் இதுதான். இரண்டு மாதக் கரு ஆறேழு சென்டிமீட்டர் நீளம் இருக்கும். மூன்று மாதத்தில் அது ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். கர்ப்பப்பையின் சினைப்பட்ட கொம்பும் அதற்கேற்பப் பருத்து, உள்ளே நீர் ததும்புவது கைக்குத் தெரியும். 70 நாளையும் 92 நாளையும் பழகிய கை பிரித்துவிடும். அதே மாட்டை ஆறாம் மாதத்தில் காட்டியிருந்தால், கர்ப்பப்பை வயிற்றுக்குள் சரிந்து கைக்கு எட்டாமல் போயிருக்கும். "ஆறு மாசம் இருக்கும்" என்பதற்கு மேல் சொல்ல முடியாது. 22 நாள் வித்தியாசம் அந்த மதிப்பீட்டின் பிழைக்குள்ளேயே மறைந்துவிடும். சினை இருக்கிறதா என்று பார்க்க மட்டுமே பரிசோதனை என்று நினைப்பவர்கள் அதை நாலாம் ஐந்தாம் மாதத்துக்குத் தள்ளிப்போடுகிறார்கள். இரண்டு ஊசி போட்ட மாட்டுக்கு மட்டுமாவது மூன்று மாதத்துக்குள் காட்டிவிட வேண்டும் என்பது என் அழுத்தமான கருத்து.

மருத்துவர் மூன்று மாதம் என்றார். முதல் ஊசிதான். இன்னொன்றும் சொன்னார்: இந்த மாடு தப்பியது அதிர்ஷ்டம். சினை மாட்டின் கர்ப்பப்பைக்குள் குழலைச் செலுத்தினால் கருச்சிதைவு ஆகலாம். திறமையான பணியாளர்கள் இரண்டாவது ஊசி போடும்போது கருப்பைக் கழுத்து இறுகி, பசை போன்ற அடைப்பு தட்டுப்பட்டால் நிறுத்திவிடுவார்கள். அல்லது குழலைக் கழுத்தின் நடுவிலேயே நிறுத்தி, அங்கேயே விந்தை விடுவார்கள். "போன மாசம்தான் ஊசி போட்டோம், பருவம் மங்கலா இருக்கு" என்று அவரிடம் சொல்ல வேண்டியது மாட்டுக்காரர்தான்.

தேதி சரியாகத் தெரிந்ததால் அந்த வீட்டில் என்ன மாறியது? பால் வற்றவைக்கும் நாள் மாறியது. ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்த வேண்டும். முதல் தேதிப்படி அது ஜனவரி 16, மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள். இரண்டாவது தேதிப்படி பிப்ரவரி 7. இரண்டாவதை நம்பியிருந்தால் பிப்ரவரி 7 வரை கறந்திருப்பார்கள், மாடு மார்ச் நடுவில் ஈன்றிருக்கும், மடிக்கு ஓய்வு ஐந்தரை வாரம்கூட முழுசாகக் கிடைத்திருக்காது. இந்த ஓய்வில்தான் மடியின் தேய்ந்த பால் செல்கள் உதிர்ந்து புதியவை உருவாகின்றன. ஆறு வாரத்துக்குக் கீழே போனால் அடுத்த ஈத்து முழுவதும் பால் குறையும். சீம்பாலும் தரம் கெடலாம். மாறாக, முதல் தேதியை நம்பி வற்றவைத்து, உண்மையில் இரண்டாவது தேதியாக இருந்திருந்தால் இழப்பு 22 நாள் கறவை. அந்தக் கடைசிக் கட்டத்தில் நாளைக்கு நாலு லிட்டர் என்றால் 88 லிட்டர். கூடவே, நீண்ட ஓய்வில் தீவனத்தைக் குறைக்காவிட்டால் மாடு கொழுத்துவிடும், ஈனும்போது சிரமம்.

மூன்று மாதத்தில் சினை பார்க்கத் தவறி, இரண்டு தேதியோடு தவிப்பவர்களுக்கு இந்த இழப்புக் கணக்குதான் வழிகாட்டி. இரண்டாவது பருவம் தெளிவாக இருந்ததா, மாடு அசையாமல் நின்றதா? அப்படியானால் இரண்டாவது தேதி. மங்கலாக இருந்து, பாலும் ஏற்கெனவே மூன்று நாலு லிட்டருக்கு இறங்கிவிட்டதா? முதல் தேதிக்கே வற்றவைத்துவிடலாம். எப்படி இருந்தாலும் இரவில் எழுந்து பார்க்கத் தொடங்குவது முதல் தேதியின் பத்து நாள் முன்னிருந்து.

அந்தப் பசு மார்ச் 20 விடியற்காலை கிடேரிக் கன்று ஈன்றது. முதல் ஊசியிலிருந்து 283 நாள், இரண்டாவதிலிருந்து 261. இரண்டாவது தேதியை மட்டும் எழுதி வைத்திருந்த வீட்டில் இதே கன்று பிறந்திருந்தால், "பத்தொன்பது நாள் முன்னாடியே போட்டுருச்சு, குறைமாசம்" என்று பதறியிருப்பார்கள். குறைமாதமா, தேதித் தவறா என்பதைக் கன்றே சொல்லிவிடும். நிறைமாதக் கன்றுக்குக் கீழ் வாயின் முன்பற்கள் ஈறைக் கிழித்து வந்திருக்கும், அல்லது வரும் நிலையில் இருக்கும். முடி அடர்த்தியாக, உடம்பெல்லாம் மூடியிருக்கும். ஒன்று இரண்டு மணி நேரத்தில் எழுந்து காம்பைத் தேடும். குறைமாதக் கன்றுக்குப் பல் ஈறுக்குள்ளேயே இருக்கும், முடி குட்டையாகப் பட்டு போல இருக்கும், எழுந்திருக்கத் தெம்பு இருக்காது. நிஜமாகவே குறைமாதம் என்றால், அதிலும் ஏழாம் எட்டாம் மாதத்தில் விழுந்துவிட்டால், அது வேறு விஷயம். கருச்சிதைவு நோயான புரூசெல்லோசிஸ் அந்தக் காலத்தில்தான் கன்றை வீழ்த்தும். அது மனிதருக்கும் தொற்றும். விழுந்த கன்றையும் கொடியையும் வெறுங்கையால் தொடாமல் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும். ஊசித் தேதி எழுதி வைத்திருந்தால்தான் இது எத்தனையாம் மாதம் என்று அவருக்குச் சொல்ல முடியும்.

நாள் தாண்டினால் என்ன செய்வது? முதலில் தேதியைச் சந்தேகிக்க வேண்டும், பிறகுதான் மாட்டை. மேய்ச்சலில் காளை ஏதும் சேர்ந்ததா, நாட்டு இன ஊசியா, இன்னொரு ஊசிச் சீட்டு எங்காவது கிடக்கிறதா என்று பார்க்க வேண்டும். பிறகு மாட்டைப் பார்த்தால் அதுவே சொல்லும். ஈனுவதற்கு இரண்டு மூன்று வாரம் இருக்கும்போது மடி இறங்கத் தொடங்கும். கிடேரியில் இன்னும் முன்பே. கடைசி இரண்டொரு நாளில் வால் மூலத்தின் இரண்டு பக்கமும் குழி விழும், இடுப்பு நார்கள் தளர்ந்துவிடும், அறை வீங்கித் தளரும், காம்புகள் திரண்டு நிற்கும். "குழி விழுந்துருச்சு, இன்னிக்கோ நாளைக்கோ" என்று பாட்டிமார் சொல்வது எந்த நாள்காட்டியையும்விடச் சரியாக இருக்கும். 285 ஆகியும் மடி இறங்கியிருந்தால், மாடு தீவனம் எடுத்தால், காத்திருக்கலாம். 290 தாண்டினால் மருத்துவர் பார்க்க வேண்டும். ஆனால் 280-ஐ நெருங்கியும் மடியில் எந்த மாற்றமும் இல்லை, வயிறும் பெருக்கவில்லை என்றால் காத்திருப்பதில் பயன் இல்லை. ஒன்று தேதி பெரிதாகத் தவறியிருக்கும். அல்லது கரு நடுவிலேயே இறந்து, வெளியே வராமல் உள்ளேயே உலர்ந்து சுருங்கியிருக்கும். கன்றிடமிருந்து சமிக்ஞையே எழாததால் மாடு ஈனாது. மாதக்கணக்கில் தீவனம் போட்டுக் காத்திருந்த வீடுகள் உண்டு.

எருமைக்குத் தனியாக ஒரு வார்த்தை போதும். முர்ரா எருமைக்குப் பத்து மாதமும் ஐந்து நாளும் என்று வைத்துக்கொள்ளலாம். பசுவோடு பழகியவர்கள் எருமை வாங்கியதும் ஒன்பது மாதத்தில் எதிர்பார்த்து, ஒரு மாதம் முன்பே கறவையை நிறுத்திவிடுகிறார்கள்.

வெள்ளாட்டில் கூட்டல் இன்னும் எளிது. ஐந்து மாதம் தள்ளி மூன்று நாள் கழித்தால் 150. ஆகஸ்ட் 1-க்கு டிசம்பர் 29. பிப்ரவரி மாதம் நடுவில் வந்தால் மூன்றுக்குப் பதில் ஒரு நாள் கழித்தால் போதும். ஆடுகள் நாள் தவறுவதும் குறைவு. பெரும்பாலும் 145-க்கும் 155-க்கும் நடுவில் குட்டி போட்டுவிடும். சிரமம் என்னவென்றால், ஆட்டுக்கு ஊசிச் சீட்டு இல்லை. கிடா மந்தையோடு திரிகிறது. எது எப்போது சேர்ந்தது என்று யாரும் பார்ப்பதில்லை.

கிடாவைத் தனியே கட்டி வைத்து, குறிப்பிட்ட காலத்துக்கு மட்டும் விட்டால் பாதிப் பிரச்சினை தீரும். ஆகஸ்ட் 1-இல் விட்டு செப்டம்பர் 15-இல் பிரித்துவிட்டால், முதல் குட்டி டிசம்பர் 24-க்கு முன்பு வராது. கடைசிக் குட்டி பிப்ரவரி 17-க்குப் பின்பு வராது. முதல் நாளோடு 145, கடைசி நாளோடு 155 கூட்டிய விடை அது. இருபது ஆட்டுக்கு எட்டு வாரம் விழித்திருப்பது நடக்காத காரியம் என்றால், கிடாவின் நெஞ்சில் காவியை எண்ணெயில் குழைத்துப் பூசலாம். ஏறும்போது பெட்டையின் முதுகின் பின்பகுதியில் நிறம் ஒட்டும். தினமும் மாலையில் பட்டிக்கு வரும்போது நிறம் பட்டதைக் குறித்துக்கொண்டால் அதுதான் தொடக்கத் தேதி. வெள்ளாட்டின் பருவம் 21 நாளுக்கு ஒரு முறை சுற்றுவதால், மூன்று வாரம் கழித்து வேறு நிறத்துக்கு மாற்ற வேண்டும். காவி பட்ட ஆட்டில் மறுபடியும் நீலம் பட்டால் முதலாவது நிற்கவில்லை, நீலம் பட்ட நாளிலிருந்து எண்ண வேண்டும். செம்மறிக்குச் சுற்று 17 நாள் என்பதால் அங்கே நிறத்தை அதற்குள் மாற்ற வேண்டும். பூச்சு உலர்ந்துவிட்டால் ஒட்டாது. இரண்டு மூன்று நாளைக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டியிருக்கும்.

இந்தத் தேதிகள் இரண்டு வேலைகளுக்கு உதவும். குட்டியின் எடையில் பெரும் பகுதி கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. நிறம் பட்ட நாளிலிருந்து 108 நாள் கடந்ததும் அந்த ஆட்டைப் பிரித்து அடர்தீவனம் கூட்ட வேண்டும். இரட்டைக் குட்டி சுமக்கும் ஆடு இந்தக் காலத்தில் பட்டினி கிடந்தால் படுத்துவிடும். துள்ளுமாரித் தடுப்பூசியை ஈனுவதற்கு மூன்று நாலு வாரம் முன்பு போட்டால், அந்த எதிர்ப்புச் சக்தி சீம்பால் வழியாகக் குட்டிக்கும் போகும். தேதி தெரியாத மந்தையில் இதை எல்லா ஆட்டுக்கும் ஒரே நாளில் போடுவார்கள். சிலவற்றுக்கு அது ரொம்ப முன்பாகவும், சிலவற்றுக்குக் குட்டி போட்ட பிறகும் அமைந்துவிடும்.

வெள்ளாட்டில் ஒரு பொய்ச்சினையும் உண்டு. கரு இல்லாமலே கர்ப்பப்பையில் நீர் கோத்து, வயிறு பெருத்து, பருவமும் நின்றுபோகும். ஐந்து மாதம் ஒட்டி ஒரு நாள் தண்ணீராகக் கொட்டிவிட்டு ஆடு பழையபடி மெலிந்து நிற்கும். குட்டி எங்கே, நாய் தூக்கிப் போய்விட்டதா என்று தேடுவார்கள். ஸ்கேன் வசதி பக்கத்தில் இருந்தால் இரண்டாம் மாதத்திலேயே இது தெரிந்துவிடும்.

கணக்கைப் பின்னோக்கியும் போடலாம். வடகிழக்குப் பருவமழைக் காலமான அக்டோபர் முதல் டிசம்பர் வரை பிறக்கும் குட்டிகள் ஈரத்திலும் குளிரிலும் சளி பிடித்துச் சாவது அதிகம். மழை ஓய்ந்து, இலைதழை நிறைந்திருக்கும் ஜனவரி, பிப்ரவரியில் குட்டி வேண்டுமானால் ஐந்து மாதம் பின்னால் போய், ஆகஸ்ட் முதல் வாரத்துக்குப் பிறகு கிடாவை விட்டு, செப்டம்பர் கடைசிக்குள் பிரிக்க வேண்டும். மே முதல் ஜூலை வரை கிடாவைக் கட்டி வைத்துவிட்டால் மழையில் குட்டி விழுவது கிட்டத்தட்ட நின்றுவிடும்.